‘அடுத்த வெள்ளி’ன்னா எந்த வெள்ளி? கொடைக்கு ஆள் சொல்லப் போய் வந்த வம்பு

மேலத்தெரு வரிக்காரன் | 2025 ஏப்ரல் 30, புதன், காலை 9.10

எங்க ஊர் சுடலைக்கு வருசா வருசம் சித்திரை கடைசி வெள்ளி கொடை. இந்த வருசம் வரி பிரிக்கிறதும் ஆள் சொல்றதும் என் தலையில. இன்னைக்கு விடியக்காலம் நையாண்டி மேளக்காரருக்குப் போன் போட்டு, “அண்ணாச்சி, அடுத்த வெள்ளி நம்ம கொடை, மறந்துராதிய”ன்னேன். அவரு, “அதான் நாளக்கழிச்சுல்லா, செட்டு ரெடியா இருக்கு”ங்காரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு.

நான் சொன்னது மே 9. இன்னைக்குப் புதன். நாளக்கழிச்சு வாரது வார வெள்ளி. அதுக்கு அடுத்தது அடுத்த வெள்ளி. இதுல என்ன சந்தேகம்? என் கட்சி இதுதான். மாத்துக் கட்சி இருந்தா சொல்லுங்க.

சீவலப்பேரியான் | ஏப்ரல் 30, காலை 9.42

9ஆம் தேதி தாராளமா வைக்கலாம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை டு பன்னிரண்டு, அதை மட்டும் தள்ளிட்டா மதியக்கொடைக்குத் தோசம் இல்ல.

மேலத்தெரு வரிக்காரன் | ஏப்ரல் 30, காலை 9.50

அண்ணாச்சி, நாள் நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல. எந்த நாளுன்னுதான் கேக்கேன்.

பெங்களூர்வாசி | ஏப்ரல் 30, காலை 10.25

வரிக்காரர் சொல்றதுதான் சரி. ஐஎஸ்ஓ 8601ன்னு ஒரு சர்வதேச விதி இருக்கு. அதுப்படி வாரம் திங்கள்ல தொடங்கி ஞாயிறுல முடியும். ஏப்ரல் 28 திங்கள்ல இருந்து மே 4 ஞாயிறு வரைக்கும் இந்த வாரம். அப்போ மே 2 ‘இந்த வெள்ளி’, மே 9 ‘அடுத்த வெள்ளி’. மேளக்காரருக்கு இதை விளக்கிச் சொல்லுங்க.

பாளை டீச்சர் | ஏப்ரல் 30, காலை 11.05

நையாண்டி மேளக்காரருக்கு ஐஎஸ்ஓவா. நல்லா இருக்கு.

தம்பி, உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு கேட்டுப் பாத்தீங்களா?

பெங்களூர்வாசி | ஏப்ரல் 30, காலை 11.20

கேட்டேன். லினக்ஸ்ல இப்பதான் அடிச்சேன்:

```
date -d "next friday" +%F
2025-05-02
```

கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு.

மேலத்தெரு வரிக்காரன் | ஏப்ரல் 30, காலை 11.24

அப்போ உம்ம கம்ப்யூட்டர் மேளக்காரர் கட்சி.

பாளை டீச்சர் | ஏப்ரல் 30, மதியம் 2.30

சாப்பிட்டுட்டு உக்காந்து யோசிச்சேன். இதுல யாரும் தப்பில்லை. ‘அடுத்த’ன்னு சொன்னா எதுக்கு அடுத்ததுன்னு ஒண்ணு இருக்கணும். மேளக்காரருக்கு அது ‘இன்னைக்கு’. புதனை அடுத்து வர்ற வெள்ளி, 2ஆம் தேதி. வரிக்காரருக்கு அது ‘இந்த வெள்ளி’. அதை அடுத்து வர்றது 9. சொல்றவர் மனசுல ஒரு ஆணி, கேக்கிறவர் மனசுல வேற ஆணி. நூலை எதுல கட்டியிருக்கோம்னு ரெண்டு பேருமே சொல்றதில்ல.

இந்தக் குழப்பம் வாரம் பூரா ஒரே அளவுல இருக்காது. சனிக்கிழமை “அடுத்த வெள்ளி”ன்னு சொன்னா பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான், ஏன்னா பக்கத்துல வேற வெள்ளி கிடையாது. வியாழக்கிழமை சொன்னாலும் பெரிய ஆபத்து இல்ல. மறுநாளைக் குறிக்கிறதா இருந்தா யாரும் ‘வெள்ளி’ன்னு சொல்லமாட்டாங்க, ‘நாளைக்கு’ன்னுதான் சொல்லுவாங்க. ‘வெள்ளி’ன்னு வாய்ல வந்தாலே அது நாளைக்கு இல்லைன்னு கேக்கிறவருக்குத் தெரிஞ்சிரும். சிக்கல் எல்லாம் திங்கள், செவ்வாய், புதன்லதான். வெள்ளி பக்கத்துலயும் இல்ல, தூரத்துலயும் இல்ல. நீங்க கரெக்டா புதன்கிழமை போன் போட்டிருக்கீங்க.

சீவலப்பேரியான் | ஏப்ரல் 30, மதியம் 3.10

புதன்ல சொன்னா ‘நாளக்கழிச்சு’ன்னுதானே சொல்லணும்? அப்போ ‘வெள்ளி’ன்னு சொன்னாலே அது 9தானே?

பாளை டீச்சர் | ஏப்ரல் 30, மதியம் 3.30

நல்ல கேள்வி. சில வீட்டுல அப்படித்தான். ஆனா ‘நாளைக்கு’ அளவுக்கு ‘நாளக்கழிச்சு’ கட்டாயம் இல்லை. புதன்கிழமை நின்னுக்கிட்டு நாளக்கழிச்சைக் கிழமைப் பேர் சொல்லிச் சொல்றவங்களும் நிறைய. எங்க வீட்டுலயே நான் ஒரு மாதிரி, அவுக ஒரு மாதிரி.

அச்சாபீஸ் | ஏப்ரல் 30, இரவு 9.40

கொடை நோட்டீஸ் அடிக்கிறது நம்ம தொழில். ஈய எழுத்துக் கோத்த காலத்துல இருந்து இதே வேலைதான். டீச்சர் சொன்னது சரி. நான் கடைப்பக்கம் இருந்து சொல்லுதேன்.

யார் வந்து நோட்டீஸ் கொடுத்தாலும் தேதியும் கிழமையும் சேத்துக் கேப்பேன். ஒண்ணை மட்டும் சொன்னா வாங்கமாட்டேன். தேதி மட்டும் இருந்து, 9ஐ 6ன்னு யாராவது எழுதிட்டா கண்டுபிடிக்க வழியே இல்ல. கிழமை கூட இருந்தா ஒண்ணை ஒண்ணு காட்டிக் கொடுத்துரும். மே 6 செவ்வாய். ‘மே 6 வெள்ளி’ன்னு சீட்டுல இருந்தா அங்கனயே நிறுத்தி, காலண்டரைப் பாத்துட்டு போனைப் போட்டுருவேன்.

நம்ம பக்கத்து நோட்டீஸ்ல தமிழ்த் தேதியும் உண்டு, கொல்லம் ஆண்டும் போடச் சொல்லுவாக. அதையும் ஒரு சரிபார்ப்பாத்தான் நான் பாக்கேன். வரிக்காரர் கொடைக்கு எழுதினா இப்படி வரும்: “நிகழும் விசுவாவசு வருடம், கொல்லம் 1200, சித்திரை மாதம் 26ஆம் தேதி, 2025 மே 9, வெள்ளிக்கிழமை.” சித்திரை 1 ஏப்ரல் 14ல பிறந்திருக்கு. ஏப்ரல்ல பதினேழு நாள், மேல ஒம்பது, ஆக 26. கூட்டிப் பாத்தா சரியா நிக்கும். எங்கயாவது ஒண்ணு இடிச்சா, தப்பு எதுலன்னு தெரியாது, தப்பு இருக்குன்னு தெரியும். எனக்கு அது போதும்.

மாசத்தை எண்ணுல எழுதாதீங்க, பேர்ல எழுதுங்க. 09.05.2025ன்னு போட்டா நம்ம ஊர்ல மே 9தான். வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைக சிலருக்கு அது செப்டம்பர் 5.

பெங்களூர்வாசி | ஏப்ரல் 30, இரவு 10.05

இதைத்தான் சொல்ல வந்தேன். எங்க ஆபீஸ்ல அமெரிக்கக்காரங்களோட இது தினசரி தகராறு. 2025-05-09ன்னு வருசத்தை முன்னால வச்சு எழுதிட்டா மாத்திப் படிக்க வாய்ப்பே இல்ல. அதுக்கும் ஐஎஸ்ஓதான்.

அச்சாபீஸ் | ஏப்ரல் 30, இரவு 10.12

கோப்புக்குச் சரி. கொடை நோட்டீஸ்ல அப்படிப் போட்டா ‘என்னலே இது, போன் நம்பரா’ன்னு கேப்பான்.

மேலத்தெரு வரிக்காரன் | மே 1, வியாழன், காலை 8.15

மேளக்காரர்ட்ட திரும்பப் பேசினேன். அவரு கட்சிக்கு அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்க. “கால்நாட்டு நாளைக்குத்தானே? போன தடவை கால்நாட்டுக்கும் ஒரு உருப்படி வாசிச்சோம்லா. அதைச் சொல்லுதீரோன்னு நெனச்சேன்.”

வாஸ்தவம். 2ஆம் தேதி வெள்ளி கால்நாட்டு. 9ஆம் தேதி வெள்ளி கொடை. ரெண்டுமே வெள்ளி, ரெண்டுமே ‘நம்ம கோயில் காரியம்’. நான் ‘கொடை’ன்னு சொன்னேன்தான். ஆனா ஊர்ல கால்நாட்டையும் சேத்துத்தான் ‘கொடை தொடங்கிட்டு’ன்னு சொல்லுவாக. இருந்தாலும் என் கட்சியில இருந்து நான் இறங்கல.

பாளை டீச்சர் | மே 1, காலை 8.40

இறங்க வேண்டாம். மேளம் எந்த நாள் வருதுன்னு மட்டும் பாத்துக்கோங்க.

பெங்களூர்வாசி | மே 2, வெள்ளி, காலை 10.30

ஒரு திருத்தம். இன்னைக்கு வெள்ளி இல்லையா, திரும்ப ஓட்டிப் பாத்தேன்.

```
date -d "friday" +%F
2025-05-02
date -d "next friday" +%F
2025-05-09
```

புதன்கிழமை `friday` போட்டாலும் `next friday` போட்டாலும் ஒரே 2ஆம் தேதிதான் வந்துச்சு. இன்னைக்கு ரெண்டும் வேற வேற. வெள்ளிக்கிழமை மட்டும்தான் அது ரெண்டையும் பிரிக்குது. டீச்சர் சொன்ன மாதிரி இதுவும் இன்னைக்கு என்ன கிழமைன்னு பாத்துதான் பேசுது. புரோகிராம்ல இதை நம்பி எழுதினா புதன்கிழமை சோதனையில தப்பு தெரியாது, வெள்ளிக்கிழமை தெரியும்.

கடையநல்லூரான் | மே 2, மாலை 4.50

நீங்க எல்லாரும் எந்த வெள்ளின்னு சண்டை போடுதிய. எங்க பக்கம் ‘வெள்ளி இரவு’ன்னா எந்த ராத்திரிங்கறதே கேள்வி. எங்களுக்கு நாள் மஃரிபுல பிறக்கும். அதனால வெள்ளி இரவுன்னா வியாழன் பொழுது அடைஞ்சு வர்ற ராத்திரி. பழைய ஆட்கள் நோட்டீஸ்ல ‘வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு’ன்னு சேத்தே போடுவாங்க. அதை விட்டுட்டு இப்ப சின்னப் பையன்கள் ‘வெள்ளி இரவு பயான்’னு மொட்டையா வாட்ஸ்அப்புல போடுதான். பாதிப் பேர் வியாழக்கிழமை வந்து உக்காந்துருக்காங்க, மீதிப் பேர் மறுநாள் வந்து பூட்டுன கதவைப் பாக்காங்க.

அப்புறம் இந்த வாரக் கடைசி. வாப்பா சவூதியில இருந்த காலம் பூரா எங்க வீட்டுல அது வெள்ளியும் சனியும். அமீரகத்துல இருக்கிற மச்சானுக்கு 2022 ஜனவரியில இருந்து சனியும் ஞாயிறுமா மாறிப் போச்சு, வெள்ளி அரைநாள். “இந்த வாரக் கடைசி பேசுதேன்”னு அவர் சொன்னா என்னைக்குப் போன் வரும்னு அக்கா இன்னும் கணக்குப் போட்டுட்டு இருக்கா.

அச்சாபீஸ் | மே 2, இரவு 9.15

கடையநல்லூர் தம்பி சரியான இடத்தைத் தொட்டுட்டாரு. கொடை நோட்டீஸ்ல அதிகமா இடிக்கிற இடம் இந்த ராத்திரிதான்.

நாள் எப்பப் பிறக்குதுங்கறதுக்கு நம்ம ஊர்ல மூணு கணக்கு ஓடுது. அவங்களுக்குப் பொழுது அடையும்போது. பஞ்சாங்கக்காரருக்குச் சூரிய உதயத்துல. ரயில், போலீஸ், செல்போனுக்கு நடுராத்திரி பன்னிரண்டுக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ளூர்க் கோயில் காரியம்னா இதனால ஒரு தொந்தரவும் இல்ல. சாமக்கொடைன்னா மூணும் மோதிக்கும்.

வரிக்காரர் கோயிலையே எடுத்துக்கிடுவோம். வியாழன் 8ஆம் தேதி ராத்திரி குடியழைப்பு. வெள்ளி 9ஆம் தேதி மதியக்கொடை. அன்னைக்கு ராத்திரி சாமக்கொடை. சாமக்கொடை தொடங்குறது பன்னிரண்டு மணின்னு வையுங்க. சாமியாடிக்கு அது வெள்ளிதான், ஏன்னா இன்னும் விடியல. செல்போன்ல பாத்தா 10ஆம் தேதி சனி. ‘10ஆம் தேதி இரவு 12 மணி’ன்னு போட்டா ஊர்க்காரன் சனிக்கிழமை ராத்திரி வருவான். ‘9ஆம் தேதி இரவு 12 மணி’ன்னு போட்டா ஊர்க்காரன் சரியா வருவான், வெளியூர்ல இருந்து வர்ற சவுண்டு சர்வீஸ்காரன் வியாழன் ராத்திரியே வந்து குழாய் கட்டினாலும் கட்டுவான். ஏன்னா கடிகாரப்படி 9ஆம் தேதியோட 12 மணி அப்பவே வந்துரும்.

பழைய ஆட்கள் இதுக்கு வழி வச்சிருக்காக. ‘வெள்ளி இரவு, விடிந்தால் சனி’ன்னு எழுதுவாக. தம்பி சொன்ன ‘வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு’ மாதிரியேதான். ராத்திரியை ரெண்டு பக்கமும் கெட்டியாப் பிடிச்சுக்கிடுதது. நான் அதோட தேதியையும் சேத்துருவேன்: ‘மே 9 வெள்ளி இரவு 12 மணி, விடிந்தால் மே 10 சனி.’ ஒரு வரி கூடுதலா போகும். போகட்டும்.

ரயிலடி | மே 3, சனி, காலை 7.20

அச்சாபீஸ் அண்ணாச்சி, இதை நீங்க முன்னாடியே எழுதியிருந்தா எனக்கு ஒரு டிக்கெட் காசு மிச்சம். மதுரையில ராத்திரி 12.20க்கு வண்டி. வெள்ளிக்கிழமை ராத்திரி போகணும்னு என் தம்பி வெள்ளிக்கிழமைத் தேதிக்கே போட்டுட்டான். வெள்ளி ராத்திரி பெட்டியோட போனா, அந்த டிக்கெட்டுக்கு உரிய வண்டி முந்தின ராத்திரியே போயாச்சு.

ரயில்வேயில தேதி ஏறுற ஸ்டேசன்ல வண்டி நிக்கிற நேரத்தை வச்சு. அதே வண்டி சாயங்காலம் ஒரு ஊர்ல கிளம்பும்போது 9ஆம் தேதி. அங்க ஏறுறவனுக்கு 9. நடுராத்திரி தாண்டி மதுரையில ஏறுறவனுக்கு 10. ஒரே வண்டி, ஒரே பெட்டி, ரெண்டு தேதி. கொடைக்கு வெளியூர்ல இருந்து ஆள் வர்றாங்கன்னா இதைச் சொல்லி வையுங்க.

சீவலப்பேரியான் | மே 3, காலை 7.45

மதுரைக்கு பஸ்லயே போயிருக்கலாமே?

ரயிலடி | மே 3, காலை 7.50

மதுரைக்குப் போகல. மதுரையில இருந்து வந்தேன்.

பாளை டீச்சர் | மே 4, ஞாயிறு, காலை 10.00

பெங்களூர்வாசிக்கு ஒரு கணக்கு. இன்னைக்கு ஞாயிறு. வரிக்காரர் இன்னைக்கு “இந்த வாரம் வெள்ளி கொடை”ன்னு சொல்றார். உங்க விதிப்படி எந்தத் தேதி?

பெங்களூர்வாசி | மே 4, காலை 10.20

மே 2. முடிஞ்சு போன வெள்ளி.

சரி, ஒத்துக்கிடுதேன். என் வீட்டு தினசரி காலண்டர் அட்டையில மாசக் கட்டம் ஞாயிறுலதான் தொடங்குது. அதுப்படி மே 9. ஆனா எழுதும்போது என் முறைதான் சரி, அதுல நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மேலத்தெரு வரிக்காரன் | மே 5, திங்கள், இரவு 8.30

இங்க பேசினதுல ஒரு நல்லது நடந்துச்சு. ஒலிபெருக்கிக்கு ஸ்டேசன்ல மனு எழுதப் போனோம். எங்க ஆளு ‘9.5.2025 அன்று’ன்னு மட்டும் எழுதியிருந்தான். அங்க இருந்த ஏட்டையா நல்லவரு. “பன்னிரண்டு மணிக்கு மேல தேதி மாறிருமேப்பா, அதுவுமில்லாம குழாய்க்கு ராத்திரி பத்து மணி வரைக்கும்தான், திருவிழா நாள்னு தளர்த்திக் கொடுத்தாலும் பன்னிரண்டோட சரி”ன்னாரு. சாமக்கொடைக்குக் குழாய் இல்ல, மேளமும் மகுடமும்தான்னு கமிட்டியில முடிவாச்சு. மனுவை ‘8ஆம் தேதி வியாழன் மாலை முதல் 9ஆம் தேதி வெள்ளி இரவு 12 மணி வரை’ன்னு மாத்தி எழுதினோம். ‘வரை’ன்னு வந்ததும் 12 மணி எந்தப் பக்கம்ங்கற கேள்வியே இல்லாமப் போச்சு.

இன்னொரு சந்தேகம். பந்தல்காரர் “எட்டு நாளைக்குப் பேசியிருக்கோம், எட்டு நாள் கழிச்சுப் பிரிப்பேன்”ங்காரு. கால்நாட்டு அன்னைக்குப் போட்டது. எட்டு நாள் கழிச்சுன்னா 9ஆ, 10ஆ?

அச்சாபீஸ் | மே 5, இரவு 9.05

அய்யோ, அதை உடனே தீத்துக்கோங்க. நம்ம ஊர் எண்ணிக்கையில இருக்கிற நாளும் சேத்தி. வெள்ளிக்கு வெள்ளி எட்டு. 2ஆம் தேதி ஒண்ணு, 3 ரெண்டு, அப்படியே போனா 9 எட்டு. ‘எட்டாம் நாள்’னா அதே கிழமைதான் வரும். மண்டைக்காட்டுல செவ்வாய்க்கிழமை கொடை முடிஞ்சு, அதுக்கடுத்த செவ்வாய் எட்டாம் கொடைன்னு சொல்லுதாகள்லா, அந்தக் கணக்கு. ஆனா ‘எட்டு நாள் கழிச்சு’ன்னா படிச்ச பிள்ளைக ரெண்டோட எட்டைக் கூட்டி 10ங்கும். பெரியவங்க அதையும் 9ன்னே எடுப்பாக. உங்க பந்தல்காரர் பெரியவர்னா 9ஆம் தேதி காலையில கம்பை உருவ ஆரம்பிச்சிருவாரு, சாமக்கொடைக்கு முந்தியே.

பாளை டீச்சர் | மே 5, இரவு 9.30

‘பதினஞ்சு நாள்’னு ரெண்டு வாரத்தைச் சொல்றதும் இதே கணக்குதான். பள்ளிக்கூடத்துல “பதினஞ்சு நாள்ல நோட்டு வைக்கணும்”னு சொல்லிட்டா பிள்ளைகளும் பெத்தவங்களும் வேற வேற நாள்ல வருவாங்க. நான் “திங்கள் அன்னைக்கு”ன்னு மாத்திக்கிட்டேன், உடனே “எந்தத் திங்கள் டீச்சர்?”னு ஒரு குரல் வரும். அப்புறம் தேதியும் சேத்துப் போர்டுலயே எழுதிப் போட்டேன்.

ரயிலடி | மே 6, செவ்வாய், காலை 6.50

எண்ணிக்கைன்னதும் ஞாபகம் வருது. எங்க பெரியம்மா விடியக்காலம் மூணு மணிக்குத் தவறினா. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்கணும். இறந்த நாளையும் சேத்து எண்ணணும்ங்கறதுல எல்லாரும் ஒத்துக்கிட்டாக. ஆனா இறந்தது எந்த நாள்? விடியலைன்னா முந்தின நாள்தான்னு பெரியப்பா. ஆஸ்பத்திரிச் சீட்டுல மறுநாள் தேதி. வீடே ரெண்டாப் பிரிஞ்சு நின்னுச்சு. இதுக்கு ஒரு பொது விதி இருக்கா?

அச்சாபீஸ் | மே 6, காலை 9.00

வீட்டுக்கு வீடு வேற. காரியம் செய்ய வர்றவர் என்ன சொல்லுதாரோ அதை அடிச்சுக் கொடுப்பேன். நான் பஞ்சாயத்துக்குப் போறதில்ல. ஒண்ணு மட்டும் செய்வேன்: கார்டுல ‘16ஆம் நாள்’னு மட்டும் விடமாட்டேன், தேதியும் கிழமையும் கீழே வரும். வீட்டுக்காரங்க எப்படி எண்ணினாலும் வர்றவங்க எண்ண வேண்டாம்.

பெங்களூர்வாசி | மே 7, புதன், இரவு 10.40

எங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல இப்ப ஒரு குரல்பதிவு சுத்துது. “நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கமிட்டிக் கூட்டம்.” யார் எப்பப் பேசினதுன்னு தெரியல. ‘பலமுறை பகிரப்பட்டது’ன்னு மட்டும் இருக்கு. எனக்கு இன்னைக்கு வந்துச்சு. என் அண்ணனுக்கு நேத்தே வந்துட்டாம். போன வருசக் கூட்டத்துப் பதிவாக்கூட இருக்கலாம், குரல் அந்தத் தலைவர் மாதிரி இருக்கு.

நேர்ல பேசும்போது ‘நாளைக்கு’ மாதிரி சுத்தமான சொல் கிடையாது. அதே சொல்லைப் பதிவு பண்ணி அனுப்பிட்டா அதைவிட மோசமானதும் கிடையாது. டீச்சர் சொன்ன ஆணி இங்க ஆள் மாற மாற இடம் மாறுது.

மேலத்தெரு வரிக்காரன் | மே 7, இரவு 11.00

அது எங்க தலைவர்தான். கூட்டம் முடிஞ்சிட்டு, நீங்க வரண்டாம்.

நான் மேளம், மகுடம், பந்தல், சவுண்டு எல்லாருக்கும் இன்னைக்கு அனுப்பினதை அப்படியே போடுதேன். யாருக்காவது ஆகும்னா எடுத்துக்கிடுங்க.

“நம்ம சுடலை கோயில் கொடை. மே 8 வியாழன் (சித்திரை 25): ராத்திரி 9 மணி குடியழைப்பு. மே 9 வெள்ளி (சித்திரை 26): மதியம் 12.30 மதியக்கொடை. அன்னைக்கு ராத்திரி 12 மணி சாமக்கொடை, விடிஞ்சா மே 10 சனி. மேளம் 8ஆம் தேதி வியாழன் சாயங்காலம் 6 மணிக்குள்ள வந்துரணும். பந்தல் 10ஆம் தேதி சனி மதியம் வரைக்கும் நிக்கணும். எந்தத் தேதி, எந்தக் கிழமைன்னு பதில் போடுங்க. ‘சரி’ன்னு மட்டும் போடாதீங்க.”

கடைசி வரி நானாச் சேத்தது. ‘சரி’ன்னு வர்ற பதிலை நம்பப் பயமா இருக்கு. மேளக்காரர் ‘8 வியாழன்’னு போட்டாரு. மகுடம் அண்ணாவி ‘வெள்ளி’ன்னு மட்டும் போட்டாரு, கேட்டா அவருக்கு வெள்ளி ராத்திரிதான் ஆட்டமாம், அதுவும் சரிதான். பந்தல்காரர் கட்டைவிரலைப் போட்டாரு. அவர் வீட்டுக்கு நாளைக்கு நேர்லயே போறேன்.

சீவலப்பேரியான் | மே 8, வியாழன், காலை 6.30

‘மதியம் 12.30’னு போட்டது நல்லது. ராகு காலம் தாண்டிரும்.

பாளை டீச்சர் | மே 11, ஞாயிறு, மாலை 5.15

கொடை எப்படி நடந்துச்சு?

மேலத்தெரு வரிக்காரன் | மே 11, இரவு 8.00

நல்லா நடந்துச்சு டீச்சர். மேளம் வியாழன் அஞ்சு மணிக்கே வந்துட்டு. பந்தலும் நின்னுச்சு. சென்னையில இருந்து ஒரு குடும்பம் மட்டும் சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்குச்சு. யாரோ சாமக்கொடை ‘10ஆம் தேதி 12 மணி’ன்னு சுருக்கி அனுப்பியிருக்கான். எட்டாம் பூசை வரைக்கும் இருந்துட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கோம்.

எட்டாம் பூசையிலயும் ஒரு பேச்சு ஓடுது. எட்டாம் நாள் மே 16 வெள்ளி. அன்னைக்கு வைகாசி 2. சித்திரைக் கொடைக்கு எட்டாம் பூசை வைகாசியில எப்படி வைக்கலாம், 14ஆம் தேதி புதனுக்குள்ள முடிக்கணும்னு கீழத்தெரு சொல்லுது. கொடைக்குத்தான் மாசம், எட்டுக்கு எண்ணிக்கைதான்னு மேலத்தெரு. செவ்வாய்க்கிழமை கூட்டம். மே 13 செவ்வாய்.

அச்சாபீஸ் | மே 11, இரவு 9.20

கீழத்தெரு ஜெயிச்சா அது எட்டாம் பூசை இல்ல, ஆறாம் பூசை. சொல்லிப் பாருங்க.

எனக்கு இங்க அடுத்த வேலை வந்துட்டு. ஒரு அம்மன் கோயில்ல இருந்து சீட்டு எழுதி அனுப்பியிருக்காக: ‘ஆடி கடைசி வெள்ளி, ஆகஸ்ட் 8.’ ஆடி 1 ஜூலை 17 வியாழன். வெள்ளி மொத்தம் அஞ்சு வருது. ஜூலை 18, 25, ஆகஸ்ட் 1, 8, 15. ஆகஸ்ட் 15 ஆடி 30, இன்னும் ஆடிதான். அப்போ அவுக சொல்றது நாலாம் வெள்ளியா, கடைசி வெள்ளியா? மாசத்துக்கு நாலு வெள்ளின்னு யாரோ மனக்கணக்குப் போட்டிருக்கணும், இல்லைன்னா சுதந்திர தின லீவுக் கூட்டத்துக்குப் பயந்து முன்னாடியே வைக்காக. போன் போட்டேன், எடுத்த பையன் “ரெண்டும் ஒண்ணுதானே அண்ணாச்சி”ன்னுட்டான். தர்மகர்த்தா நாளைக்கு, மே 12 திங்கள், காலையில பேசுதேன்னு சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் நோட்டீஸ்ல அந்த வரியை வெறுமையா விட்டு வச்சிருக்கேன்.